லீவில் ஊருக்குப் போன இடத்தில் விபத்து: சிங்கப்பூர்ச் சம்பளக்காரர் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்பது எப்படி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சிங்கப்பூரில் சாலை விபத்துக்கென்று தனித் தீர்ப்பாயம் எதுவும் கிடையாது. இங்கே அடிபட்டால் எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்தோடு பேச்சுவார்த்தை, சரிப்படாவிட்டால் வழக்கமான நீதிமன்றம், அதற்கு மூன்று வருட அவகாசம். 'மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்' என்பது இந்தியச் சட்டம் உருவாக்கியது. தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ லீவில் போய், புதுக்கோட்டை ரோட்டிலோ காரைக்குடி பைபாஸிலோ அடிபட்டு வருகிறவர்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக. அதிலும் உயிரிழப்பு வழக்குகளை விட்டுவிட்டு, காயம் பட்டு உயிர் பிழைத்தவரின் வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பணம் அதிகமாகக் கைநழுவுவது அங்கேதான்.

நீங்கள் 'மூன்றாம் நபர்' தானா?

வண்டிக்காரர் முதல் ஆள், அவருக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனம் இரண்டாவது ஆள், அந்த வண்டியால் அடிபட்ட மற்ற எல்லாரும் மூன்றாம் நபர். நடந்து போனவர், வேறு வண்டியில் வந்தவர், மச்சான் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தபோது கார் வந்து இடித்தவர் எல்லாரும் இதில் சேர்த்தி. மச்சான் பைக்கை இரவல் வாங்கி நீங்களே ஓட்டிப்போய், யாரும் இடிக்காமல் நீங்களாகவே பள்ளத்தில் விழுந்திருந்தால் கதை வேறு. அப்போது நீங்கள் வண்டிச் சொந்தக்காரரின் இடத்துக்கு வந்துவிடுகிறீர்கள், அந்த வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்க முடியாது.

இன்னொன்று. சிங்கப்பூர் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்காமல் ஊரில் வண்டி ஓட்டியவர்கள், 'இவர் மீதும் தவறு இருக்கிறது' என்ற வாதத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்துக்குக் காரணம் நீங்கள் என்று ஆகிவிடாது. ஆனால் ஹெல்மெட் போடாதது, குடித்திருந்தது இதெல்லாம் சேர்ந்துகொண்டால் மொத்தத் தொகையில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள்.

முதல் சில நாட்களில் பிடிக்க வேண்டிய தாள்கள்

ஆஸ்பத்திரியில் சேர்த்த உடனே பணியில் இருக்கும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஊரில் இதை 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். எப்படி அடிபட்டது, எந்த வண்டி என்று அதில் என்ன எழுதப்படுகிறதோ அதுதான் வழக்கின் அஸ்திவாரம். அவசரத்தில் கூட வந்தவர் 'வண்டியிலிருந்து விழுந்துட்டாரு' என்று சொல்லி, அது அப்படியே பதிவாகி, பிறகு லாரி இடித்தது என்று வழக்குப் போட்டால் காப்பீட்டு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் இருக்கும். அதனால் கூட இருப்பவரிடம் சொல்லி வையுங்கள்: வண்டி எண், இடித்த விதம் இரண்டையும் டாக்டரிடம் தெளிவாகச் சொல்லட்டும்.

அடுத்தது போலீஸின் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற வழக்கமான வாசகம் எந்த ஓட்டுநர் மேல் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, சம்பவ இட வரைபடம், காயச் சான்றிதழ், கடைசியில் குற்றப்பத்திரிகை. இடித்த வண்டிக்கு அன்றைய தேதியில் காப்பீடு இருந்ததா என்பதை mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். காப்பீடு இல்லையென்றால் பணம் வண்டிச் சொந்தக்காரரிடமிருந்துதான் வர வேண்டும், அவரிடமிருந்து வசூலிப்பது பெரும்பாடு. காப்பீடு இருந்து ஓட்டுநருக்கு லைசென்ஸ் மட்டும் இல்லையென்றால் அவ்வளவு பயப்பட வேண்டாம். நிறுவனம் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது சகஜம்.

ஆறு மாதம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இங்கே இருக்கிறவர்களுக்கு மூன்று வருடம் என்பது மனதில் பதிந்துபோயிருக்கிறது. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பிக்கொண்டு 'கால் சரியாகட்டும், அடுத்த லீவில் பார்த்துக்கலாம்' என்று டார்மிட்டரிக்குத் திரும்பிவிடாதீர்கள். மனு போடுவதற்குச் சிகிச்சை முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எங்கே போடுவது என்பதில் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். மதுரையில் அடிபட்டிருந்தாலும் உங்கள் வீடு பட்டுக்கோட்டையில் என்றால், வீட்டு ஆட்கள் போய்வர வசதியான தீர்ப்பாயத்திலேயே போட்டுவிடலாம். மனு எண்ணோடு 'எம்.சி.ஓ.பி.' என்று சேர்த்துச் சொல்வார்கள், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இங்கிருந்தபடியே வழக்கின் தேதிகளை இணையத்தில் பார்க்க அது வேண்டும்.

வக்காலத்தில் கையெழுத்தை ஊரில் இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும் ஏஜென்ட் நீட்டும் வெற்றுத் தாள்களில் போடாதீர்கள். வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. நடைமுறையில் பேசுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் பேசியதை எழுத்தில் கேட்டால் நியாயமான வழக்கறிஞர் எவரும் கோபப்பட மாட்டார். ஊரில் அண்ணனோ அப்பாவோ உங்களுக்காகக் காரியம் பார்க்க வேண்டுமென்றால் இங்கே இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்துக்குச் சான்று வாங்கி அனுப்பலாம். அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

ஒரு கால், நான்கு விலை

இப்போது தொகைக்கு வருவோம். கணக்குப் புரிவதற்காக முருகேசன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 34, ஜூரோங்கில் வெல்டர், பெர்மிட்டில் இருக்கிறார், ஓவர்டைமோடு சராசரியாக மாதம் 1,400 வெள்ளி. ஊரில் ஒரு லாரி இடித்து இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனை மருத்துவக் குழு அந்தக் காலுக்கு 40 சதவீத நிரந்தர ஊனம் என்று சான்று தருகிறது.

எளிய வழி ஒன்று தமிழ்நாட்டில் ரொம்ப நாளாக இருக்கிறது. ஒரு சதவீத ஊனத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வைப்பது. 5,000 ரூபாய் வைத்தால் 40 சதவீதத்துக்கு 2 லட்சம், அவ்வளவுதான். சம்பாதிக்கும் திறன் குறைந்ததாக நிரூபணம் இல்லாதபோது தீர்ப்பாயம் இந்த வழியில் போகும். அலுவலக வேலையில் இருப்பவர், எலும்பு கூடிப் பழையபடி வேலைக்குப் போய்விட்டார் என்றால் அது நியாயமும்கூட.

ஆனால் முருகேசன் வெல்டர். சாரத்தில் ஏற வேண்டும், குந்தி உட்கார்ந்து பற்ற வைக்க வேண்டும். இங்கேதான் உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் வழக்கில் சொன்னது உதவுகிறது. உடலின் ஊனம் வேறு, அதனால் இவருடைய இந்த வேலையில் ஏற்படும் வருமான இழப்பு வேறு என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. இடது கை போன ஓட்டுநருக்கோ தச்சருக்கோ இழப்பு கிட்டத்தட்ட முழுசு, அதே கை போன அரசு குமாஸ்தாவுக்கு வேலையே போகாமல் இருக்கலாம். அந்தத் தீர்ப்பிலேயே இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு காலுக்கு 40 சதவீதம் என்பது உடம்பு முழுவதற்கும் 40 சதவீதம் ஆகாது, அதைவிடக் குறையும். காப்பீட்டு வழக்கறிஞர் இந்த இரண்டாவது பாதியை மட்டும் படிப்பார், உங்கள் வழக்கறிஞர் முதல் பாதியை நிரூபிக்க வேண்டும்.

நிரூபணம் ஆகி, சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டதாக வைப்போம். அடுத்த கேள்வி, எந்தச் சம்பளத்தில் 30 சதவீதம்?

சிங்கப்பூர்ச் சம்பளம் நிரூபணமானால் கணக்கு இப்படிப் போகும். வெள்ளிக்கு 60 ரூபாய் என்று எளிதாக வைத்துக்கொள்ளலாம். எந்தத் தேதியின் மாற்று விகிதம் என்றால், மனு போட்ட தேதியின் விகிதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாதம் 84,000, வருடத்துக்கு 10,08,000 ரூபாய். இதோடு எதிர்கால வளர்ச்சிக்கென்று ஒரு பங்கு சேர்க்க வேண்டும். 2017-ன் பிரணய் சேத்தி தீர்ப்புப்படி, 40 வயதுக்குக் கீழே, நிரந்தரமில்லாத வேலை என்றால் 40 சதவீதம். ஆக 14,11,200. அடுத்து மல்டிபிளையர் என்கிற பெருக்கெண், இது வயதைப் பொறுத்தது. 2009-ல் சர்ளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த பட்டியலில் 31 முதல் 35 வயதுக்கு 16. (26 முதல் 30 வரை 17, 36 முதல் 40 வரை 15, இப்படி வயது ஏற ஏறக் குறையும்.) 14,11,200-ஐ 16-ஆல் பெருக்கி அதில் 30 சதவீதம் எடுத்தால் 67,73,760 ரூபாய். இறந்தவர் வழக்கில் சொந்தச் செலவுக்கென்று ஒரு பங்கைக் கழிப்பது போலக் காய வழக்கில் கழிக்க மாட்டார்கள்.

சம்பளத்தை நிரூபிக்கவில்லை, ஊரில் ஒரு வெல்டருக்கு 15,000 என்று தீர்ப்பாயமே ஒரு தொகையை எடுத்துக்கொண்டது என்றால் அதே கணக்கு 12,09,600-ல் நிற்கும்.

நடுவில் ஒரு வாதமும் வரும். 'பெர்மிட் இரண்டு வருடத்துக்குத்தான், அதற்கப்புறம் இவர் ஊருக்குத் திரும்பியிருப்பார்' என்பது. அப்படிப் பார்த்தால் இரண்டு வருடத்துக்குச் சிங்கப்பூர்ச் சம்பளம், மீதி 14-க்கு ஊர்ச் சம்பளம். 8,46,720-ம் 10,58,400-ம் சேர்ந்து 19,05,120. வெளிநாட்டுச் சம்பளம் பெரிது என்பதால் பெருக்கெண்ணையே குறைத்த பழைய தீர்ப்புகளும் உண்டு, அதையும் எடுத்து நீட்டுவார்கள். அதனால் 67 லட்சத்தை உறுதியென்று நம்பி வட்டிக்கு வாங்கிவிட வேண்டாம், அது மேல் எல்லை.

கவனியுங்கள், கால் ஒன்றுதான், சான்றிதழும் ஒன்றுதான். 2 லட்சத்துக்கும் 67 லட்சத்துக்கும் நடுவில் நிற்பது இரண்டே நிரூபணம்: வேலை செய்ய முடியவில்லை என்பது, என்ன சம்பளம் என்பது. இரண்டுக்குமான தாள்கள் பெரும்பாலும் சிங்கப்பூரில் இருக்கின்றன, ஊரில் இருக்கும் வழக்கறிஞருக்கு அவை என்னவென்றே தெரியாமல் இருக்கலாம்.

இங்கிருந்து என்ன எடுத்துப் போவது

சம்பளத்துக்கு நிறைய பேர் ஐ.பி.ஏ. கடிதத்தை மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 700 அல்லது 800 என்று இருக்கும், ஓவர்டைம் இருக்காது. எதிர்த்தரப்பு அந்தச் சின்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு விடாது. விபத்துக்கு முந்தைய ஒரு வருடத்து பேஸ்லிப்புகளையும், அதே தொகை கணக்கில் விழுந்ததைக் காட்டும் வங்கி அறிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள். பேஸ்லிப் கொடுப்பது இங்கே முதலாளியின் சட்டக் கடமை, கேட்கத் தயங்க வேண்டாம். ஐ.ஆர்.8ஏ படிவம் இருந்தால் இன்னும் நல்லது. எஸ் பாஸ், இ.பி. அல்லது நிரந்தரவாசம், குடியுரிமை உள்ளவர்களுக்கு வருமான வரி அறிவிப்பு பலமான சான்று. பின்னிரண்டு பேருக்கு சி.பி.எஃப். அறிக்கையும் கைகொடுக்கும்.

முதலாளி தரும் கடிதத்தில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும். என்ன வேலை, அதில் ஏறுவது, தூக்குவது, குந்துவது எவ்வளவு என்பது ஒன்று. விபத்துக்குப் பிறகு அந்த வேலைக்குத் திரும்ப முடியவில்லை, அதனால் பெர்மிட் ரத்தானது அல்லது குறைந்த சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்றப்பட்டார் என்பது இன்னொன்று. வெறுமனே 'இவர் எங்களிடம் வேலை பார்த்தார்' என்று நான்கு வரி எழுதி முத்திரை குத்தினால் வழக்குக்கு உதவாது. பெர்மிட் ரத்துக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

கடிதத்தை எழுதியவர் சாட்சிக் கூண்டுக்கு வரவில்லையே என்று ஆட்சேபம் வரும். அதைச் சமாளிக்க, இங்கே நோட்டரி பப்ளிக்கிடம் சான்று வாங்கி, பிறகு சிங்கப்பூர் சட்டக் கழகத்தில் அப்போஸ்டில் முத்திரை வாங்குங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே அப்போஸ்டில் செல்லும், இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. தீர்ப்பாயம் சிவில் நீதிமன்றம் மாதிரி கறாராகச் சாட்சிய விதிகளைப் பார்க்காது, ஆனாலும் வங்கி அறிக்கையோடு ஒத்துப்போகும் முத்திரையிட்ட கடிதத்தைத் தள்ளுவது கடினம்.

திரும்பி வந்த பிறகு இங்கே பாலிகிளினிக்கிலோ மருத்துவமனையிலோ பார்த்த சிகிச்சைக்கும் பணம் கேட்கலாம். ஒரிஜினல் பில் வேண்டும். வெப்பத்தாளில் அடித்த ரசீது ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், உடனே நகல் எடுத்து வையுங்கள்.

மற்ற தலைப்புகள்

வருமான இழப்புக்கு மேலே, மருத்துவச் செலவு பில் உள்ளபடி கிடைக்கும். படுத்திருந்த மாதங்களின் சம்பளம், பின்னாளில் பிளேட்டை எடுக்கும் ஆபரேஷன் செலவு, வலி வேதனை, வாழ்க்கைச் சுகங்களை இழந்தது, உடனிருந்து பார்த்துக்கொண்டவர், சத்தான உணவு, போக்குவரத்து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மனுவில் கேட்டதைவிட நியாயமான தொகை அதிகமாக இருந்தால் தீர்ப்பாயம் அதிகமாகவும் கொடுக்கலாம். மனு போட்ட தேதியிலிருந்து வட்டியும் உண்டு, தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம். மூன்று நான்கு வருடம் இழுக்கும் வழக்கில் அது சின்னத் தொகை இல்லை.

இரண்டு முறை நேரில் போக வேண்டும்

ஒன்று மருத்துவக் குழு முன்னால். எலும்பு கூடி, இனி இதற்குமேல் முன்னேற்றம் இல்லை என்ற நிலையில் போனால்தான் நிரந்தர ஊனத்தை ஒழுங்காகக் கணிப்பார்கள். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் தாள் எல்லாம் கையில் இருக்கட்டும். குந்த முடியவில்லை, ஏணி ஏற முடியவில்லை என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், சதவீதத்தோடு அதையும் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, முதல் சாட்சியாக நீங்களே கூண்டில் ஏறும் நாள். முடியவே முடியாது என்றால் காணொளி வழியாகச் சாட்சி சொல்ல அனுமதி கேட்டு மனு போடலாம், ஆனால் என்னைக் கேட்டால் லீவைச் சொல்லி வைத்து நேரில் போவதுதான் உத்தமம். நொண்டி நடந்து வருவதை நீதிபதி பார்ப்பதற்கு ஈடு எந்தக் காணொளியும் இல்லை. குறுக்கு விசாரணையில் 'இப்போதும் சிங்கப்பூரில் வேலை செய்கிறீர்கள்தானே?' என்று கேட்பார்கள். செய்கிறீர்கள் என்றால் ஆமாம் என்று சொல்லி, எந்த வேலை, முன்பு என்ன சம்பளம், இப்போது என்ன சம்பளம் என்று சொல்லுங்கள். மறைத்தால் பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரையே காட்டிக்கொடுக்கும், அப்புறம் மற்ற உண்மைகளும் எடுபடாது.

சீக்கிரம் முடிக்கலாம் என்று வரும் பேச்சு

காப்பீட்டு நிறுவனம் சார்பில் சமரசத் தொகை சொல்வார்கள். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பது தப்பில்லை, பல வழக்கு அங்கேதான் தீர்கிறது. ஆனால் ஒரு தாளில் கவனம் தேவை. சட்டத்தின் 164-வது பிரிவில் யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று ஒரு நிலையான தொகை உண்டு. அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ப்பாயத்தில் இருக்கும் உங்கள் மனு காலாவதியாகிவிடும். யார் தவறு என்பதே சந்தேகமான வழக்கில் அது நல்ல வழி. மேலே பார்த்த முருகேசன் மாதிரி ஆளுக்கு அது பெரிய நஷ்டம். மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதற்கும் மேல்முறையீடு கிடையாது என்பதை நினைவில் வைத்து, குறைந்தபட்சம் எவ்வளவு என்று ஒரு எண்ணை முன்கூட்டியே வழக்கறிஞரோடு உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு வந்து தொகை குறைவாகத் தெரிந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், நிறுவனமும் செய்யலாம், ஆனால் அவர்கள் முதலில் ஒரு தொகையைக் கட்ட வேண்டும். தீர்ப்பில் எந்தச் சம்பளத்தை எடுத்தார்கள், எத்தனை சதவீத இழப்பு, எந்தப் பெருக்கெண் என்ற மூன்றையும் தேடிப் படியுங்கள், குறைந்தது எதனால் என்று அதிலேயே தெரியும். பணம் உங்கள் பெயரில் உள்ள இந்திய வங்கிக் கணக்குக்கே நேராக வரும்படி கேளுங்கள். இங்கே வேலை பார்ப்பவர்கள் ஊரில் வைத்திருக்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும். அதையும் பான் அட்டையையும் தீர்ப்புக்கு முன்பே சரிசெய்து வைத்தால், பணம் நீதிமன்றக் கணக்கில் போட்டபடி கிடந்து நீங்கள் இன்னொரு லீவு எடுத்துப் போக வேண்டியிருக்காது.